'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவதற்கு முன்

மனநலப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்திருந்த பெண் ஒருவர், நோயாளி ஒருவரின் நேர்காணல் முடிந்ததும் என் மேசையில் வைத்த தாளில் இப்படி இருந்தது:

"38 வயசு. பீடி சுத்தறவங்க. குடியாத்தம் பக்கம். கணவர், நாத்தனார் கூட வந்தாங்க. தலை வாரல, அழுக்குப் புடவை, கையெல்லாம் கறை. ஒத்துழைக்கல. பேச்சு தெளிவில்ல. கண்ணைப் பார்க்கல, ஜன்னலையே பார்த்தாங்க. சோகமா இருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரி மேல சந்தேகம். குரல் கேக்குதாம். ராத்திரி தனியா பேசிச் சிரிக்கறாங்க. போன வருஷம் சாமி வந்துச்சாம். தேதி தெரியல, கணக்கு வரல, பழமொழி தெரியல. தற்கொலை எண்ணம் மறுக்கறாங்க. இன்சைட் இல்ல."

சுறுசுறுப்பான பெண். நாற்பது நிமிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார். எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் இந்தத் தாளை நம்பி யாரும் எதுவும் செய்ய முடியாது. ஏன் என்பதையும், அன்று மாலை நாங்கள் இருவரும் உட்கார்ந்து இதை எப்படி மாற்றி எழுதினோம் என்பதையும் சொல்கிறேன். (இங்கே வரும் அந்த அம்மா ஒரே ஆள் அல்ல. பலரிடம் பார்த்ததைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.)

மனநிலைப் பரிசோதனை, நாங்கள் வாயால் சொல்வது எம்.எஸ்.இ., ஒரு புகைப்படம் மாதிரி. இந்த நேரத்தில், இந்த அறையில், இவர் எப்படி இருந்தார், என்ன சொன்னார் என்பது மட்டும்தான் அதில் வரும். எப்போது தொடங்கியது, வீட்டில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் ஹிஸ்டரி. அதற்குக் கேஸ் ஷீட்டில் வேறு பக்கம் இருக்கிறது. இந்தப் பிரிவினை புத்தகத்தில் படிக்கும்போது எளிது. நம் ஊரில் செய்யும்போது கஷ்டம். காரணம், இங்கே யாரும் தனியாக வருவதில்லை. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1950களில் தொடங்கிய காலத்திலிருந்தே, நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் உடன் தங்குவது வழக்கம். நல்ல வழக்கம் அது. இந்தப் பக்கத்து மற்ற இடங்களிலும் கணவர், அம்மா, அண்ணி, சில சமயம் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை அறைக்குள் வந்துவிடுவார்கள். நான்கு பேர் பேசியதை ஒருவர் வேகமாகக் குறிப்பெடுக்கும்போது யார் குரல் எது என்பது தாளில் கரைந்துபோகும்.

அதனால் எம்.எஸ்.இ.யின் தலைப்புகளுக்குப் போவதற்கு முன் நான் செய்யச் சொல்வது ஒரே ஒரு வேலை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து போட வேண்டும். நானே பார்த்தது என்றால் 'பா'. அவர் வாயால் சொன்னது 'சொ'. கூட வந்தவர் சொன்னது 'கூ'. என் ஊகம் என்றால் 'ஊ'. அந்தத் தாளில் போட்டுப் பார்த்தோம். 'ராத்திரி தனியா பேசிச் சிரிக்கறாங்க' என்பது கூ, நாத்தனார் சொன்னது. 'சாமி வந்துச்சாம்' அதுவும் கூ. 'ஒத்துழைக்கல' ஊ. 'சோகமா இருக்காங்க' ஊ. 'சந்தேகம்' ஊ. 'இன்சைட் இல்ல' ஊ. மீதியைப் பார்த்தால் பா என்று போடத் தகுந்தவை நாலைந்துதான். சொ ஏறக்குறைய இல்லவே இல்லை. நாற்பது நிமிடம் பேசிய ஒருவரின் ஒரு வாக்கியம்கூட அவர் சொன்னபடி தாளில் இல்லை.

ஜெர்மன் மனநல மருத்துவர் கார்ல் யாஸ்பர்ஸ் 1913-இல் எழுதிய மனநோயியல் நூலில் வலியுறுத்தியது ஏறக்குறைய இதைத்தான்: விளக்கம் சொல்வதற்கு முன், அந்த மனிதர் அனுபவிப்பதை அவர் அனுபவிக்கும் விதத்திலேயே விவரி. ஊகம் தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. ஊகம் இல்லாமல் மருத்துவமே கிடையாது. அது கடைசியில் 'கருத்து' என்ற தலைப்பின் கீழ் வர வேண்டும். நடுவில் வந்து பார்த்ததைப் போல வேஷம் போடக் கூடாது.

சரி, ஊ போட்ட வரிகளை என்ன செய்வது? தூக்கிப் போடக் கூடாது. ஒவ்வொரு ஊகத்துக்குப் பின்னாலும் ஏதோ ஒன்றைப் பார்த்திருப்போம், அதை வெளியே எடுக்க வேண்டும். நான் கேட்டேன்: "ஒத்துழைக்கலைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"கேட்டா பதில் சொல்லல சார். தலையை மட்டும் ஆட்டினாங்க."

"கடைசி வரைக்குமா?"

கொஞ்சம் யோசித்தார். "இல்ல சார். நாத்தனார் டீ குடிக்கப் போனப்புறம் பேசினாங்க. நல்லாவே பேசினாங்க."

இது தாளில் இல்லை! அந்த நேர்காணலிலேயே மிக முக்கியமான கவனிப்பு இது. 'ஒத்துழைக்கவில்லை' என்ற சொல் அதை முழுங்கிவிட்டது. மாற்றி எழுதியது இப்படி: 'முதல் பத்து நிமிடம் தலையசைப்பில் மட்டும் பதில். நாத்தனார் அறையைவிட்டு வெளியே சென்றபின் முழு வாக்கியங்களில் பதிலளித்தார்.' 'ஒத்துழைக்கல' என்பது ஒரு பெண்ணின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு. மாற்றி எழுதியது, அடுத்த முறை அவரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் சொல்கிறது. நடுநிலையான சொல் என்றால் மென்மையான சொல் என்று பலர் நினைக்கிறார்கள். 'ஓரளவு ஒத்துழைத்தார்' என்று மென்மையாக எழுதியிருந்தாலும் இதே தகவல் காணாமல்தான் போயிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நினைவு அன்று மாலை வரைக்கும்தான் இருக்கும். அடுத்த நாள் கேட்டிருந்தால் பயிற்சிப் பெண்ணுக்கும் 'ஒத்துழைக்கல' என்ற சொல் மட்டும்தான் மிச்சம் இருந்திருக்கும்.

இப்போது தலைப்புகள். தோற்றமும் நடத்தையும் முதலில். 'அழுக்குப் புடவை, கையெல்லாம் கறை.' வலது கை விரல் நுனிகள் பழுப்பாக இருந்ததைப் பயிற்சிப் பெண் சரியாகக் கவனித்திருந்தார். ஆனால் பீடி சுற்றும் கையில் புகையிலைப் பழுப்பு இருக்கத்தான் செய்யும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டுக்கு வீடு பார்க்கலாம். அதைச் சுத்தமின்மை என்று படித்தால் தொழிலை நோயாக்கிவிடுகிறோம். எழுதியது: 'பருத்திப் புடவை, முந்தானையில் கறை. முடி கட்டப்படவில்லை. விரல் நுனிகளில் பழுப்பு (பீடித் தொழில்). நகங்கள் வெட்டப்பட்டிருந்தன.' கடைசி வாக்கியம் நான் கேட்டபின் நினைவுக்கு வந்தது. குறையை மட்டும் எழுதுவது நமக்குப் பழக்கம். இருப்பதையும் எழுதினால்தான் தன்னைக் கவனித்துக்கொள்வது எந்த அளவு குறைந்திருக்கிறது என்பது தெரியும்.

ஜன்னல் விஷயம் இன்னும் சுவாரசியமானது. 'ஜன்னலையே பார்த்தாங்க' என்றால் எத்தனை முறை? நான்கைந்து தடவை. அந்த ஜன்னலுக்கு வெளியே ரோடு, பஸ் ஹாரன் ஓயாது. யாராக இருந்தாலும் திரும்பிப் பார்ப்போம். ஆனால் ஒரு முறை ஜன்னல் பக்கம் பார்த்தபோது உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை, லேசான சிரிப்பு வந்து போனது. "என்னம்மா?" என்று கேட்டதற்கு "ஒண்ணும் இல்ல" என்றார். 'குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்' என்று எழுத யாருக்கும் கை பரபரக்கும். பார்த்தது உதடு அசைவு, சிரிப்பு, 'ஒண்ணும் இல்ல' என்ற பதில். அவ்வளவுதான் எழுதினோம். குரல் பற்றி அவரே பிற்பாடு சொன்னது வேறு தலைப்பில் வரப் போகிறது. படிக்கும் மருத்துவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்.

பேச்சு. 'தெளிவில்ல' என்றதற்கு ஒரு காரணம் எனக்கு உடனே பிடிபட்டது. பயிற்சிப் பெண்ணுக்கு ஊர் தூத்துக்குடி. அந்த அம்மா பேசியது நம் வடார்க்காட்டுத் தமிழ்: 'இன்னாத்த சொல்றது', 'தலை நோவா கீது', 'பேசிக்கினே கீறாளுங்க'. கேட்டுப் பழகாத காதுக்கு அது குழறலாகத்தான் விழும். தூத்துக்குடிக்கு நான் போய்க் கேட்டாலும் அதே கதிதான். பேச்சு என்ற தலைப்பில் வேண்டியது வேறு: சத்தம், வேகம், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே எவ்வளவு நேரம், கேட்டதற்குப் பொருத்தமான பதிலா, தானாகப் பேச்சைத் தொடங்கினாரா. 'தாழ்ந்த குரல். பதில் தொடங்க சில கேள்விகளுக்கு 5 முதல் 10 நொடி. பதில்கள் கேள்விக்குப் பொருத்தமானவை. தானாகப் பேச்சைத் தொடங்கவில்லை. வட்டார வழக்கு.'

அடுத்து மூட், அஃபெக்ட். இந்த இரண்டையும் குழப்பாதவர்கள் குறைவு. மூட் என்பது அவர் தன் மனநிலையைப் பற்றிச் சொல்வது. அஃபெக்ட் என்பது பேசும்போது முகத்திலும் குரலிலும் நாம் பார்ப்பது. 'சோகமா இருக்காங்க' என்பதில் இது இரண்டில் எது? யார் சொன்னது? கேட்டபோது அந்த அம்மா சொன்ன வாக்கியம் வெளியே வந்தது: "மனசு பாரமா கீது, நெஞ்சு மேல அம்மி வெச்ச மாதிரி." கேஸ் ஷீட்டை நாங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறோம். அங்கேதான் இந்த வாக்கியம் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கி, மனச்சோர்வு நோயின் பெயராகவே மாறிவிடும். நோயாளியின் சொற்களைத் தமிழிலேயே, மேற்கோள் குறிக்குள், வட்டார வழக்கோடு எழுதுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். மேலே உள்ளதைத் திருத்தி 'இருக்கிறது' என்று எழுதுவதும் வேண்டாம். அஃபெக்டுக்குப் பார்த்ததை எழுதினோம்: 'முகபாவம் பெரும்பாலும் மாறவில்லை. மூத்த மகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கியது.' உணர்ச்சி குறைந்திருக்கிறது, ஆனால் வற்றிவிடவில்லை என்பது இதிலேயே தெரிகிறது.

இனி சிந்தனை. 'பக்கத்து வீட்டுக்காரி மேல சந்தேகம்.' தமிழில் 'சந்தேகம்' ரொம்ப வழுக்கலான சொல். சந்தேகம் என்றால் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்ற தயக்கம். இந்த அம்மாவுக்குத் தயக்கம் இருந்ததா? அதுதான் இங்கே முழு விஷயமும். அவர் சொன்னது: "அவ செவுத்துக்கு அந்தாண்ட நின்னுக்கினு என் பேரைச் சொல்லிச் சிரிக்கறா. ஊரே பேசுது." வேறு ஏதாவது காரணம் இருக்குமா, வேறு யாரையாவது பற்றிப் பேசியிருப்பார்களா என்று பயிற்சிப் பெண் கேட்டிருக்கிறார், நல்ல கேள்வி. பதில்: "இல்ல, என்னைத்தான். எனக்குத் தெரியும்." கேள்வி, பதில் இரண்டையும் எழுதினால் நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பது படிப்பவருக்கே விளங்கும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கணவர் தனியாகச் சொன்னார்: அந்த வீட்டோடு ஆறு மாதமாகச் சாக்கடைத் தண்ணீர் சண்டை உண்மையாகவே இருக்கிறது. அப்படியானால் அவர் சொல்வது மருட்சிதானா, அதாவது என்ன காரணம் சொன்னாலும் அசையாத தவறான நம்பிக்கையா? சண்டை உண்மை என்பதாலேயே மருட்சி இல்லை என்று ஆகிவிடாது, மருட்சி என்பதாலேயே சண்டை பொய் என்றும் ஆகாது. கணவர் சொன்னது ஹிஸ்டரியில் போனது. எம்.எஸ்.இ.யில் 'உளறுகிறார்', 'கற்பனை செய்கிறார்', 'என்று சொல்லிக்கொள்கிறார்' என்ற வினைகளை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் 'கூறினார்' என்று போட்டோம். சாதுவான வினை. யார் பக்கமும் சாயாது.

மருட்சி, இல்லாததைக் கேட்பதும் காண்பதுமான பிரமை போன்ற துறைச் சொற்களையே பயன்படுத்தக் கூடாது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தச் சொற்களுக்கு வரையறை உண்டு, அவை திட்டும் சொற்கள் அல்ல. ஆதாரம் முதலில், சொல் அப்புறம், அவ்வளவுதான். ஆதாரம் இல்லாமல் 'மருட்சி உண்டு' என்று மட்டும் எழுதினால், அடுத்த மருத்துவர் அதைச் சரிபார்க்க வழியே இல்லை.

புலனுணர்வு என்ற தலைப்பில் 'குரல் கேக்குதாம்' என்று இருந்தது. அந்த 'ஆம்' விகுதியைக் கவனியுங்கள். தமிழில் ஒரே எழுத்தில் 'நான் நம்பவில்லை' என்று சொல்லிவிடலாம். 'கேக்குது என்று கூறினார்' என்று மாற்றினால் கேலி போய்விடுகிறது. தகவல் இன்னும் வரவில்லை. எத்தனை குரல், தெரிந்த குரலா, காதுக்கு வெளியிலிருந்தா மனசுக்குள்ளேயா, முழித்திருக்கும்போதா தூக்கம் சொக்கும்போதா, அவரிடம் பேசுகின்றனவா அவரைப் பற்றிப் பேசுகின்றனவா, எதையாவது செய்யச் சொல்கின்றனவா. பயிற்சிப் பெண் இவற்றில் பாதியைக் கேட்டிருந்தார், எழுதவில்லை. மீதியை அன்றே அவரிடம் கேட்டோம். "ரெண்டு பொம்பளைங்க. 'பாரு, இவ இப்ப இன்னா பண்றா பாரு'ன்னு சொல்லிக்கினே கீறாளுங்க. பகல்லயும்தான்." வெளியிலிருந்து கேட்கிறது, முழித்திருக்கும்போது கேட்கிறது, எதுவும் செய்யச் சொல்லவில்லை. ஒருவர் செய்வதைப் படர்க்கையில் வர்ணித்துக்கொண்டே இருக்கும் குரல்களுக்கு, ஜெர்மன் மனநல மருத்துவர் கர்ட் ஷ்னைடர் காலத்திலிருந்தே மனநல மருத்துவத்தில் தனிக் கவனம் உண்டு. 'குரல் கேக்குதாம்' என்பதில் அது புதைந்து கிடந்தது. அதற்காக இந்த ஓர் அறிகுறியை மட்டும் வைத்து நோயின் பெயரை முடிவு செய்துவிடவும் முடியாது. மற்ற நோய்களிலும் இது வரும்.

'சாமி வந்துச்சாம்' எங்கே போகும்? வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது கேள்வியே இல்லை. கூட்டத்தில் பலருக்குச் சாமி வரும். ஊர் அதை எதிர்பார்க்கும், சற்று நேரத்தில் இறங்கிவிடும், மறுநாள் அவர்கள் வேலைக்குப் போய்விடுவார்கள். நாத்தனார் சொன்னதும் அந்தத் திருவிழாவில் நடந்ததைத்தான். அது ஹிஸ்டரியில், 'சாமி வந்தது' என்ற அவர்கள் சொல்லிலேயே, இடமும் நாளும் சேர்த்துப் போனது. எம்.எஸ்.இ.யில் பிரமை என்ற தலைப்பின் கீழ் அதற்கு வேலை இல்லை. திருவிழாவுக்குச் சம்பந்தமில்லாமல், வீட்டில், அடிக்கடி, நாள் கணக்கில் என்றால் கதை வேறு. அப்போது இன்னும் பல கேள்விகள் கேட்க வேண்டியிருக்கும்.

இப்போது அந்தத் தாளில் என்னை உலுக்கிய வரி. 'தற்கொலை எண்ணம் மறுக்கறாங்க.'

'மறுக்கிறார்', 'ஒப்புக்கொள்கிறார்' இரண்டும் காவல் நிலையத்துச் சொற்கள். ஆங்கிலக் கேஸ் ஷீட்டிலிருந்து அப்படியே இறங்கியவை. குற்றம் சாட்டப்பட்டவர்தான் மறுப்பார். அது போகட்டும். நான் கேட்டது: "எப்படிக் கேட்டீங்க, என்ன சொன்னாங்க?"

"வாழ்ந்து என்ன பயன்னு தோணுச்சாம்மான்னு கேட்டேன். 'போய்ச் சேர்ந்துட்டா தேவலன்னு சில நாள் தோணும். ரெண்டு பொண்ணு கீதே, எங்க போறது'ன்னாங்க. தற்கொலை பண்ணிக்கணும்னு சொல்லல சார்."

பயிற்சிப் பெண் சொன்னது சரிதான். தற்கொலை செய்துகொள்வதாக அவர் சொல்லவில்லை. ஆனால் செத்தால் தேவலை என்று தோன்றுவதாகச் சொல்லியிருக்கிறார். 'மறுக்கிறார்' என்ற ஒரு சொல்லில் ஆம் என்பது இல்லை என்று ஆகிவிட்டது. இந்தத் தலைப்பில் மட்டும் சுருக்கமே கூடாது. கேட்ட கேள்வி, வந்த பதில் அப்படியே, எவ்வளவு நாளுக்கு ஒரு முறை தோன்றுகிறது, கடைசியாக எப்போது, ஏதாவது திட்டம் உண்டா, முன்பு முயன்றது உண்டா, வீட்டில் ஆபத்தான பொருள் இருக்கிறதா, எது தடுத்து நிறுத்துகிறது. ஒவ்வொன்றும் தனித்தனி வாக்கியம். கேட்காததை 'கேட்கப்படவில்லை' என்று எழுத வேண்டும். 'இல்லை' என்று எழுதக் கூடாது. 'கேட்கப்படவில்லை' என்று எழுதக் கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சத்தினாலேயே போய்க் கேட்டுவிட்டு வருவோம். அன்றும் அப்படித்தான் ஆனது. வரிசையில் மாத்திரைக்காக நின்றிருந்தவரைத் திரும்ப அழைத்து, தனியாக உட்கார வைத்துக் கேட்டோம். மூன்று நாளுக்கு முன் கடைசியாகத் தோன்றியது. திட்டம் இல்லை, முன் முயற்சி இல்லை. அன்றே மருத்துவரிடம் நேரில் சொன்னோம். கணவரிடம் என்ன சொல்லலாம் என்று அந்த அம்மாவிடமே கேட்டு, வீட்டில் தனியாக விட வேண்டாம் என்று அவரிடம் பேசினோம். இரவில் கஷ்டமாக இருந்தால் அழைக்க அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416-ஐச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம்.

அறிவுத்திறன் பகுதிக்கு வருவோம். 'தேதி தெரியல' என்றதில் நடந்தது இது: ஆங்கிலத் தேதி கேட்டபோது தெரியவில்லை என்றார். என்ன கிழமை என்றால் வெள்ளி, என்ன மாசம் என்றால் ஆடி, ரெண்டாம் வெள்ளி என்றே சொன்னார். மூன்றும் சரி. ஐந்தாம் வகுப்புவரை படித்து, ஆடி வெள்ளியை வைத்து நாளைக் கணக்கிடும் ஒருவருக்குக் காலம் பற்றிய தெளிவு இருக்கிறது. 'காலம்: கிழமை, தமிழ் மாதம் சரி, ஆங்கிலத் தேதி தெரியவில்லை' என்று எழுதினோம்.

'கணக்கு வரல' என்பது நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னது. அதிகம் படிக்காதவரிடம் அது கவனத்தைச் சோதிக்காது, பள்ளிக்கூடத்தைத்தான் சோதிக்கும். இருபதிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொல்லலாம், கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லலாம். பயிற்சிப் பெண் சாமர்த்தியமாக இன்னொன்று செய்திருந்தார்: கட்டுக்கு 25 பீடி, நாலு கட்டுக்கு எவ்வளவு? "நூறு", யோசிக்காமல். கெட்டிக்காரத்தனமான கேள்வி. ஆனாலும் அது வாய்ப்பாடு மாதிரி ஊறிப்போனது, கவனம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அது காட்டாது. கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லும்போது வியாழனில் நின்று, ஜன்னல் பக்கம் பார்த்து, மறுபடி கேட்டபின் முடித்தார். எழுத வேண்டியது அந்த நிறுத்தத்தைத்தான்.

பழமொழியில் 'தெரியல' என்பதும் இப்படித்தான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்றதற்கு "ஆனையும் வழுக்கி விழும்" என்றிருக்கிறார். அது 'தெரியாது' என்ற பதில் இல்லை, நேர்ப்பொருளில் சொன்ன பதில். அப்படியே எழுதிவிட்டோம். ஒரே ஒரு பழமொழியை வைத்து நான் பெரிதாக எதையும் சொல்ல மாட்டேன்.

கடைசியாக இன்சைட், அதாவது தன் நோயைப் பற்றி அவருக்கே இருக்கும் தெளிவு. இங்கே எல்லோரும் இருக்கிறது, இல்லை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள், அல்லது ஒன்று முதல் ஆறு வரை ஓர் எண் போட்டுவிடுகிறார்கள். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் அந்தோனி டேவிட் 1990-இல் இதை மூன்றாகப் பிரித்தார்: தனக்கு நோய் இருப்பதாக உணர்வது, தன் அனுபவங்களை நோயின் அறிகுறியாகப் பார்ப்பது, சிகிச்சையை ஏற்பது. இந்த அம்மா சொன்னது: "குரல் நெசந்தான், அவளுங்கதான் பேசறாளுங்க. ஆனா தூக்கமே வர்ல, தலை கிறுகிறுக்குது, அதுக்கு மாத்திரை குடுங்க." தனக்கு உடம்பு சரியில்லை என்பது தெரிகிறது, மருந்தும் கேட்கிறார். குரலை மட்டும் நோய் என்று ஏற்கவில்லை. 'இன்சைட் இல்ல' என்று எழுதியிருந்தால், மருந்து சாப்பிட மாட்டார் என்று அடுத்தவர் முடிவுகட்டியிருப்பார். அவர் கேட்டதே மாத்திரைதான்.

முழுதாக எழுதியபின் தாளின் நடுப்பகுதி இப்படி வந்தது:

"மூட்: 'மனசு பாரமா கீது, நெஞ்சு மேல அம்மி வெச்ச மாதிரி.' அஃபெக்ட்: முகபாவ மாற்றம் குறைவு, மகளின் படிப்பைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கியது. சிந்தனை: பக்கத்து வீட்டுப் பெண் தன் பெயரைச் சொல்லிச் சிரிப்பதாகவும் ஊரே தன்னைப் பற்றிப் பேசுவதாகவும் கூறினார். வேறு காரணம் இருக்குமா என்று கேட்டபோது, 'இல்ல, என்னைத்தான். எனக்குத் தெரியும்.' 'போய்ச் சேர்ந்துட்டா தேவலன்னு சில நாள் தோணும்' என்றார். கடைசியாக மூன்று நாள் முன்பு. திட்டம், முன் முயற்சி இல்லை என்றார். மகள்களை நினைத்து நிறுத்திக்கொள்வதாகக் கூறினார். புலனுணர்வு: இரண்டு பெண் குரல்கள் தன் செயல்களை வர்ணிப்பதாகவும், வெளியிலிருந்து, விழித்திருக்கும்போது, பகலிலும் கேட்பதாகவும் கூறினார், எதையும் செய்யச் சொல்வதில்லை என்றார்."

பழைய தாளைவிட நீளம்தான். வரிசையில் அறுபது பேர் நிற்கும் நாளில் இப்படி எழுத முடியுமா என்று கேட்பீர்கள். எல்லாத் தலைப்புக்கும் முடியாது. அப்படிப்பட்ட நாளில் நான் தோற்றத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு, நம்பிக்கைகள், குரல், சாவு பற்றிய எண்ணம் மூன்றுக்கும் அவர்கள் வாய்ச்சொல்லை எழுதுவேன். சுருக்குவதைவிட மோசம், எல்லாத் தலைப்பிலும் 'இயல்பு, இயல்பு' என்று நிரப்புவது. போன முறை எழுதியதையே பார்த்துப் படியெடுப்பது அதைவிட மோசம். மூன்று வருகைக்கும் ஒரே வாக்கியம், அதே எழுத்துப் பிழையோடு இருந்தால் அது படியெடுத்தது என்று யாரும் கண்டுபிடித்துவிடலாம்.

எழுதியது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நான் செய்வது ஒன்று உண்டு. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, தாளைச் சத்தமாகப் படிப்பதாக நினைத்துக்கொள்வேன். 'விரல் நுனியில் பழுப்பு' என்று படிக்க முடியும். 'அழுக்கு' என்று படிக்க வாய் வராது. வெறும் கற்பனையும் அல்ல இது: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி, தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை அவருக்கு இருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா கணவரோடு மட்டும் வந்தார். அதே அறை, அதே ஜன்னல். பயிற்சிப் பெண் இந்த முறை எழுதியது: 'தலை பின்னியிருந்தார். பதில் தொடங்க 2, 3 நொடி. ஜன்னல் பக்கம் ஒரு முறை பார்த்தார், ஹாரன் சத்தம் கேட்டபோது. கிழமைகளைப் பின்னாலிருந்து நிறுத்தாமல் சொன்னார். குரல் பற்றிக் கேட்டபோது: கேக்குது, ஆனா தூரமா போயிட்ட மாதிரி கீது.'